புது முட்டை அவித்தால் ஏன் உரிக்க வருவதில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று காலை கோழி இட்ட முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு பிய்ந்து ஓட்டோடு வருகிறது. கடையில் வாங்கி நாலைந்து நாள் கிடந்த முட்டை வழுக்கிக்கொண்டு உரிகிறது. ஏன் இப்படி?

முட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயுதான் காரணம். அது வெளியேறிவிட்ட முட்டை சுலபமாக உரியும், வெளியேறாத முட்டை உரியாது. முட்டைக்கு எத்தனை நாள் வயது என்பதைவிட, அந்த நாட்களில் வாயு எவ்வளவு போயிருக்கிறது என்பதே முக்கியம்.

கோழியின் உடலில் முட்டை உருவாகும்போதே அதன் ரத்தத்தில் உள்ள கரியமில வாயு வெள்ளைக்கருவில் கரைந்துவிடுகிறது. அதனால் புதிதாக இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் காரத்தன்மை குறைவாக இருக்கும், பி.எச். அளவில் 7.6 வாக்கில். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. வெளிக்காற்றில் கரியமில வாயு மிகச் சொற்பம் என்பதால், உள்ளே இருப்பது அந்தத் துளைகள் வழியாக மெல்லக் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். அது போகப் போக வெள்ளைக்கருவின் காரம் ஏறி, பி.எச். 9-ஐத் தாண்டி 9.2 அளவுக்கு வரும். எண்ணில் பார்த்தால் சின்ன ஏற்றம்தான். ஆனால் பி.எச். அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், 7.6-லிருந்து 9.2 என்பது ஏறக்குறைய 40 மடங்கு மாற்றம். 8.7, 8.8 என்ற அளவைக் கடந்த பிறகுதான் முட்டை ஒழுங்காக உரியத் தொடங்குகிறது.

காரம் ஏறுவதற்கும் ஓடு உரிவதற்கும் என்ன சம்பந்தம்?

நாம் ஓட்டை உரிக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் உரிக்க வேண்டியது ஓட்டுக்குக் கீழே இருக்கும் சவ்வை. ஓட்டின் உட்புறத்தில் இரண்டு சவ்வுகள் இருக்கின்றன. வெளிச்சவ்வு ஓட்டோடு இறுகப் பிணைந்தது. உள்சவ்வு வெள்ளைக்கருவைத் தொட்டுக்கொண்டிருப்பது. முட்டையின் அகன்ற முனையில் மட்டும் இந்த இரண்டும் பிரிந்து நின்று நடுவில் காற்றறை உண்டாகிறது. மற்ற இடமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். ஆகவே வெள்ளைக்கரு உள்சவ்வைப் பிடித்துக்கொண்டால், ஓடும் இரண்டு சவ்வுகளும் வெள்ளைக்கருவும் ஒரே துண்டாகத்தான் கையோடு வரும்.

சூடு ஏறும்போது வெள்ளைக்கருவின் புரதங்கள் சுருள் பிரிந்து, பக்கத்தில் கிடைப்பதோடெல்லாம் கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. சவ்வும் புரத இழைகளால் ஆனதுதான். காரம் குறைவான புது முட்டையில், வெள்ளைக்கரு தனக்குள் கோத்துக்கொள்வதோடு நில்லாமல் சவ்வையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி வெள்ளைக்கருவின் சொந்த உறுதியைவிட வலுவாக இருப்பதால், இழுக்கும்போது சவ்வு விடுபடாமல் வெள்ளைக்கரு கிழிகிறது. காரம் ஏறிய முட்டையில் புரதங்கள் கூடுதலான எதிர்மின்னூட்டம் பெற்றிருக்கும். சவ்வோடு உள்ள பிடி தளர்ந்துவிடும். அவித்த பின் சவ்வுக்கு அடியில் விரல்நுனி நுழைந்தாலே போதும், பட்டை பட்டையாகக் கழன்று வரும்.

இதற்குத் துணையாக நடப்பது காற்றறையின் வளர்ச்சி. கோழியின் உடற்சூடு 41 டிகிரி அளவில் இருக்கும். இட்டவுடன் முட்டைக்குள் காற்றறையே கிடையாது. முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்கி, அகன்ற முனையில் காற்று புகுந்து சிறிய அறை உண்டாகிறது. நாள் போகப் போக ஈரம் ஆவியாகி அது பெரிதாகிறது. பெரிய காற்றறை இருந்தால் உரிக்கத் தொடங்க ஒரு வாசல் கிடைக்கும், அவ்வளவே. மற்ற இடங்களில் சவ்வு விடுமா விடாதா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

அப்படியானால் நாட்டுக்கோழி முட்டைதான் உரிக்கக் கஷ்டம், பண்ணை முட்டை சுலபம் என்பது உண்மையா?

முட்டையின் இனத்தைவிட அது வந்த வழியில்தான் வித்தியாசம். பண்ணை முட்டை நாமக்கல்லில் எடுத்து, முப்பது முப்பதாக அட்டையில் அடுக்கி, லாரியேறி, மொத்தக் கடை, சில்லறைக் கடை என்று நின்று நின்று வருவதற்குள் சில நாட்கள் போய்விடும். அந்த நாட்களில் பெரும்பாலும் குளிர்சாதனம் கிடையாது. நம் ஊர் வெயிலில் கரியமில வாயு அதற்குள் வேண்டிய மட்டும் வெளியேறியிருக்கும். வீட்டுக் கோழி இட்டது அன்றே அடுப்புக்குப் போகிறது. இதே பண்ணை முட்டையைப் பண்ணை வாசலில் வாங்கி அன்றே அவித்தால் அதுவும் படுத்தும். நாட்டுக்கோழி முட்டையை நாலு நாள் வைத்து அவித்தால் அதுவும் உரியும்.

எத்தனை நாள் வைத்திருந்தால் போதும்?

வெயில் படாத இடத்தில், 28–32 டிகிரி வாக்கில் இருக்கும் வீட்டுக்குள் வெளியே வைத்தால் 3–4 நாள் போதும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்திலிருந்து 10 நாள் ஆகும். குளிரில் வாயு தண்ணீரில் நன்றாகக் கரைந்து நிற்கும், கசிவும் மெதுவாக நடக்கும். அதனால்தான் இந்த வித்தியாசம். அமெரிக்காவில் முட்டையைக் கழுவி, குளிரிலேயே வைத்து விற்பார்கள். அங்கே சொல்லப்படும் 'ஒரு வாரம், பத்து நாள்' என்ற கணக்கை அப்படியே நம் ஊரில் வெளியே வைத்திருக்கும் முட்டைக்குப் பொருத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காரம் ஏறுவது முதல் சில நாட்களில்தான் வேகமாக நடக்கும். 9.2 வாக்கில் வந்த பிறகு ஏற்றம் மிக மெதுவாகிவிடும். எனவே மூன்று வாரம் கிடந்த முட்டை ஒரு வார முட்டையைவிடப் பெரிதாக ஒன்றும் சுலபமாக உரிந்துவிடாது. காற்றறை பெரிதாகும், வெள்ளைக்கரு நீர்த்துப்போகும், வேறு தொல்லைகள் சேரும். உரிப்பதற்காக என்று முட்டையை முதுமை வரை காத்து வைப்பதில் லாபமில்லை.

சேவலோடு வளரும் கோழியின் முட்டை என்றால் வெளியே வைப்பதற்கு ஒரு வரம்பு உண்டு. கருக்கூடிய முட்டையை 30 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் வைத்தால் உள்ளே கரு வளரத் தொடங்கும். அவிக்கும்போது ரத்தக் கோடுகள் தெரியும். அப்படிப்பட்ட முட்டையை வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் ஒன்றிரண்டு நாள் வைத்துவிட்டு, மீதி நாட்களுக்கு ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுவது நல்லது. சீக்கிரம் ஆகட்டும் என்று வெயிலில் வைக்கவே கூடாது.

ஃபிரிட்ஜில் எப்படி வைத்தாலும் ஒன்றுதானா?

இல்லை. முட்டையைப் பாலிதீன் பையில் கட்டி வைத்தால் வாயு பைக்குள்ளேயே தங்கி, வெளியேற்றம் மந்தமாகும். மூடி இறுகும் டப்பாவும் அப்படித்தான். திறந்த தட்டிலோ காகித அட்டையிலோ வைத்தால் போதும்.

எண்ணெய் தடவிய முட்டையும் இதே கதை. முட்டை நாள்பட நிற்கட்டும் என்று மேலே மெல்லியதாக எண்ணெய் பூசுவது உண்டு. எண்ணெய் நுண்துளைகளை அடைத்து ஈரத்தை மட்டுமல்ல, கரியமில வாயுவையும் உள்ளேயே நிறுத்திவிடும். முட்டை புதியதுபோலவே இருக்கும். உரிக்கும்போதும் புதியதுபோலவே அடம்பிடிக்கும். பொரியலுக்கும் ஆம்லெட்டுக்கும் அந்த முட்டையை வைத்துக்கொண்டு, அவிக்க வேறு எடுங்கள்.

கையில் இருக்கும் முட்டை உரியுமா உரியாதா என்று அவிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

எல்லோருக்கும் தெரிந்தது தண்ணீர்ச் சோதனை. கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் புது முட்டை அடியில் படுத்தே கிடக்கும். சில நாள் ஆனது அகன்ற முனையை மேலே தூக்கிச் சாய்ந்து நிற்கும். இன்னும் பழையது செங்குத்தாக நிற்கும். மிதந்தால் எறிந்துவிடுவதே பத்திரம். சாய்ந்து நிற்கும் முட்டை அவிக்க ஏற்றது என்று பொதுவாகச் சொல்லலாம்.

ஆனால் இந்தச் சோதனை அளப்பது ஈரம் எவ்வளவு போயிருக்கிறது என்பதை. கரியமில வாயு எவ்வளவு போயிருக்கிறது என்பதை அல்ல. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது முட்டையின் ஈரம் மெதுவாகத்தான் போகும். வாயுவோ வழக்கம்போல வெளியேறிவிடும். அப்போது படுத்துக் கிடக்கும் முட்டைகூட நன்றாக உரியலாம். சாய்ந்து நின்றால் நம்பலாம், படுத்துக் கிடந்தால் சந்தேகப்படலாம், அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

இதைவிட நம்பகமான அடையாளம் வெள்ளைக்கருவின் நிறம். ஒரே நாளில் வாங்கிய முட்டைகளில் ஒன்றை உடைத்துத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். வெள்ளைக்கரு சற்றே பால்கலந்தாற்போல் மங்கலாக இருந்தால் கரியமில வாயு இன்னும் உள்ளே இருக்கிறது. கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் போய்விட்டது. இது உரிவதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட அறிகுறி. உடைத்த முட்டை வீணாகாது, ஆம்லெட்டாகிவிடும்.

உடைக்க மனமில்லை என்றால், இருட்டறையில் கைபேசியின் டார்ச்சை அகன்ற முனையில் ஒட்டிப் பிடியுங்கள். காற்றறையின் விளிம்பு தெரியும். அதன் ஆழம் மூன்று மில்லிமீட்டருக்குள் என்றால் முட்டை மிகப் புதியது. தண்ணீர்ச் சோதனைக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

காத்திருக்க நேரமில்லை. இன்று இட்ட முட்டைதான் இருக்கிறது, இரவு முட்டைக் குழம்பு வைத்தாக வேண்டும். என்ன செய்வது?

ஒரே ஒரு விஷயத்தை மாற்றினால் பெரும்பகுதி சரியாகிவிடும். முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டாதீர்கள். தண்ணீர் மெல்லச் சூடேறும் வேளையில், சவ்வை ஒட்டியிருக்கும் வெள்ளைக்கருவும் நிதானமாக இறுகி அதோடு நன்றாகப் பிணைந்துகொள்கிறது. கொதிக்கும் நீரிலோ பொங்கும் ஆவியிலோ நேராக வைத்தால், வெளிவிளிம்பில் உள்ள வெள்ளைக்கரு சட்டென்று கெட்டியாகிவிடும். சவ்வோடு பிணைய அவகாசம் குறைவு. புது முட்டையில் இந்த இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

நம் வீடுகளில் இதற்கு மிக வசதியானது இட்லிப் பாத்திரம். பத்து நாட்டுக்கோழி முட்டை, ஒவ்வொன்றும் 40–45 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தட்டை வைக்காமல் மூடிக் கொதிக்க விடுங்கள். ஆவி மூடியை விட்டுத் தள்ளிக்கொண்டு வரும்போது திறந்து, முட்டைகளைத் தட்டின் குழிகளில் ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி, தட்டை உள்ளே இறக்கி உடனே மூடுங்கள். அந்த நொடியிலிருந்து மணி பாருங்கள். நடுத்தரத் தீயில் 12 நிமிடம். 55 கிராம் பண்ணை முட்டை என்றால் 13 நிமிடம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வைப்பதென்றால் இன்னும் ஒரு நிமிடம். இடையில் திறந்து பார்க்காதீர்கள். ஆவி போய்விட்டால் கணக்குக் கெடும்.

அதற்குள் அகலமான பாத்திரத்தில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் தயாராக இருக்க வேண்டும். நேரம் முடிந்ததும் முட்டைகளை அப்படியே அதற்குள் மாற்றி, 10–15 நிமிடம் விடுங்கள். குளிரில் வெள்ளைக்கரு இறுகுவதால் இழுவைக்குக் கிழியாமல் தாங்கும். சட்டென்று ஆறுவதால் உள்ளே மஞ்சள் கரு மேலும் வேகாமலும் நிற்கும். ஐஸ் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். கோடையில் மேல்தொட்டித் தண்ணீர் வெதுவெதுவென்று வரும், அது உதவாது. பானைத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் அவிப்பதுதான் வழக்கமென்றால், தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு கரண்டியில் ஒவ்வொன்றாக இறக்குங்கள். அரை நிமிடம் பெருந்தீ, பிறகு மெல்லக் கொதிக்கும் அளவுக்குக் குறைத்து, சின்ன முட்டைக்கு 10, பெரியதற்கு 11–12 நிமிடம். குளிர்ந்த முட்டை கொதிநீரில் விரிசல் விடக்கூடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்தால் குறையும். ஆவியில் முட்டைகள் உருண்டு மோதிக்கொள்வதில்லை என்பதால் விரிசலும் குறைவு. அதனாலேயே இட்லிப் பாத்திரத்துக்கு எங்கள் ஓட்டு.

இவ்வளவு செய்தும், இன்று இட்ட முட்டை பழைய முட்டைபோல அத்தனையும் பளிங்காக வராது. பத்தில் ஒன்றிரண்டு தழும்போடு வரலாம். குழம்புக்குக் கீறிப் போடத்தானே போகிறோம், அது குறையில்லை. விருந்தில் முழு முட்டையாகத் தட்டில் வைக்க வேண்டும் என்றால் நாலு நாள் முன்பே முட்டை வாங்கி வைப்பதுதான் வழி.

குக்கரில் விசில் விட்டு அவிக்கலாமா?

உரிய வரும். ஆவியின் சூடு கூடுதல் என்பதால் புது முட்டைக்கும் ஓரளவு பலன் உண்டு. பிரச்சினை நேரக் கட்டுப்பாடுதான். விசில் என்பது நிமிடக் கணக்கல்ல. குக்கரின் அளவு, தண்ணீர், தீ மூன்றையும் பொறுத்து மாறும். அழுத்தம் இறங்கும் வரை உள்ளே வெந்துகொண்டே இருப்பதால் மஞ்சள் கரு காய்ந்து மாவாகும். அவசரமாக ஆவியை இறக்கினால் ஓடு வெடிக்கும். உங்கள் குக்கர் உங்களுக்குப் பழக்கமென்றால் செய்யுங்கள்.

சோடா உப்பு, உப்பு, வினிகர், ஊசியால் துளையிடுவது – எது உண்மையிலேயே வேலை செய்கிறது?

சோடா உப்பின் பின்னால் இருக்கும் எண்ணம் சரியானது: காரம் ஏறினால்தானே உரிகிறது, தண்ணீரையே காரமாக்கினால் என்ன? ஆனால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஓட்டையும் இரண்டு சவ்வுகளையும் கடந்து உள்ளே போகும் காரம் கொஞ்சம்தான். ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி போட்டால் சிறிது பலன் தெரியலாம். மூன்று, நான்கு தேக்கரண்டி என்று கொட்டினால் முட்டையில் கந்தக வாடைதான் மிஞ்சும். கொதிநீரில் நேராகப் போடுவது தரும் பலனில் கால்வாசிகூட இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

உப்பு உரிப்பதற்கு உதவுவதில்லை. விரிசல் விட்ட முட்டையிலிருந்து வெள்ளைக்கரு ஒழுகும்போது சீக்கிரம் உறையச் செய்து கசிவை அடைக்கும், அதற்காகப் போடலாம். வினிகரும் கசிவை அடைக்கத்தான். அது ஓட்டின் சுண்ணாம்பை மேலாகக் கரைக்கும், சவ்வை ஒன்றும் செய்யாது. அகன்ற முனையில் ஊசித் துளை போட்டால் சூட்டில் விரியும் காற்று வெளியேறி விரிசல் குறையும், முட்டையின் அடியில் விழும் பள்ளமும் குறையும். வெள்ளைக்கரு சவ்வைப் பிடித்திருப்பதை இந்தத் துளை மாற்றாது.

உரிக்கும் முறையிலேயே தவறு இருக்குமோ? எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் வந்த ஓட்டுத் துண்டைத் திருப்பிப் பாருங்கள். அதுவே சொல்லிவிடும்.

துண்டின் உட்புறத்தில் சவ்வும், சவ்வின்மேல் வெள்ளைக்கருவின் சதையும் ஒட்டியிருந்தால், முட்டையில் அம்மைத் தழும்புபோல் குழிகள் இருந்தால், அது முட்டையின் புதுமை. அல்லது பச்சைத் தண்ணீரில் ஆரம்பித்ததன் விளைவு. துண்டில் சவ்வே இல்லாமல் வெறும் ஓடு மட்டும் சிறு சிறு சில்லாகக் கழன்று, முட்டையின்மேல் மெல்லிய தோல் போர்த்தினாற்போல் இருந்தால் முட்டையில் குற்றமில்லை. சவ்வுக்கு மேலேயே உரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தோலைக் கிள்ளி எடுத்து அதற்கு அடியில் விரலைச் செலுத்துங்கள். மூன்றாவது, வெள்ளைக்கரு வெடித்து வழிவதுபோலக் கிழிந்தால் வேக்காடு போதவில்லை, அல்லது முட்டை இன்னும் சூடாக இருக்கிறது.

உரிக்கத் தொடங்க வேண்டியது அகன்ற முனையிலிருந்து. அங்கே காற்றறை இருப்பதால் உள்சவ்வு ஓட்டைவிட்டு விலகி நிற்கும், விரல்நுனிக்குப் பிடி கிடைக்கும். முதலில் அந்த முனையை மேடையில் தட்டி, பிறகு முட்டையைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளங்கையால் லேசாக அழுத்தி உருட்டி ஓடு முழுவதும் விரிசல் வலையாக்குங்கள். தண்ணீருக்குள் முக்கிப் பிடித்து உரித்தால், சவ்வுக்கும் வெள்ளைக்கருவுக்கும் இடையில் தண்ணீர் புகுந்து இரண்டையும் பிரித்துக்கொடுக்கும். பிடிவாதமான முட்டைக்கு, காற்றறைப் பக்கம் ஒரு காசளவு திறந்துவிட்டு, ஈரமான டீ ஸ்பூனின் குழிப்பக்கம் முட்டையை அணைத்தபடி இருக்குமாறு சவ்வுக்கு அடியில் செலுத்தி, முட்டையைச் சுற்றித் திருப்புங்கள்.

அவித்த பிறகுதான் புது முட்டை என்று தெரிந்தது. ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்துவிட்டு உரித்தால் சரியாகுமா?

பிணைப்பு அடுப்பிலேயே நடந்து முடிந்துவிட்டது. அவித்த முட்டையிலிருந்து வாயு போனாலும் அது திரும்ப அவிழாது. நன்றாகக் குளிர்ந்த முட்டை கெட்டியாக இருப்பதால் கிழிவது சற்றுக் குறையும், அந்த அளவுக்கு லாபம். தழும்பு விழுந்துவிட்டதா, உதிர்த்து வெங்காயம் பச்சை மிளகாயோடு பொடிமாஸ் ஆக்கிவிடுங்கள்.

ஓட்டோடு இருக்கும் அவித்த முட்டை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். உரித்ததை அன்றே முடித்துவிடுவது நல்லது.

பழைய முட்டையை அவித்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருகிறது. அது கெட்டுப்போனதா?

இல்லை, சாப்பிடலாம். வெள்ளைக்கருவின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. நெடுநேரம் சூடுபட்டால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளிவந்து, மஞ்சள் கருவின் விளிம்பில் உள்ள இரும்போடு சேர்ந்து பச்சை கலந்த சாம்பல் வளையமாகிறது. காரம் ஏறிய முட்டையில் இந்தக் கந்தக வாயு கூடுதலாக உண்டாகும். உரிப்பதைச் சுலபமாக்கும் அதே மாற்றம்தான் வளையத்தையும் கொண்டுவருகிறது. ஆகவே முட்டைக்கு வயது ஏற ஏற, நிமிடக் கணக்கில் கண்டிப்பாக இருங்கள்: மேலே சொன்ன நேரத்தைத் தாண்டாமல், எடுத்தவுடன் குளிர்நீரில் போட்டால் வளையம் பெரும்பாலும் வராது.

முட்டை மிகப் பழையதானால் இன்னொரு மாற்றமும் உண்டு. கெட்டி வெள்ளைக்கரு நீர்த்து, மஞ்சள் கருவை நடுவில் கட்டி நிறுத்தும் வெண்ணிற முறுக்கு இழைகள் தளர்ந்துவிடும். மஞ்சள் கரு ஒரு பக்கம் ஒதுங்கி, அங்கே வெள்ளைக்கரு காகிதம்போல் மெலிந்துவிடும். சுலபமாக உரியும், ஆனால் இரண்டாகக் கீறும்போது அந்தப் பக்கம் கிழியும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஃபிரிட்ஜில் இருந்த முட்டைதான் இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்கும்.

முட்டையை வாங்கியவுடன் கழுவி வைத்தால் வாயு சீக்கிரம் போகுமா?

போகும்தான். ஓட்டின்மேல் கோழி இடும்போதே படியும் ஒரு மெல்லிய பூச்சு நுண்துளைகளை ஓரளவு மூடியிருக்கும். கழுவினால் அது போய்விடும். ஆனால் வாயு வெளியே போக வழி திறந்தால், கிருமி உள்ளே வரவும் அதே வழி திறக்கிறது. கழுவிய முட்டையை வெளியே நாலு நாள் வைப்பது ஆபத்து. எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். கழுவுவதை அவிப்பதற்குச் சற்று முன் செய்யுங்கள். ஏற்கெனவே கழுவிப் பெட்டியில் விற்கும் சூப்பர் மார்க்கெட் முட்டையை நேராக ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

காடை முட்டைக்கும் இதே கணக்குத்தானா?

காரணம் ஒன்றுதான், புதியது ஒட்டும். அளவுதான் வேறு: பத்துப் பன்னிரண்டு கிராம் முட்டை என்பதால் கொதிநீரில் 4 நிமிடம் போதும். காடை முட்டைக்கு ஓடு மெல்லியது, சவ்வு முரட்டுத்தனமானது. அதனால் சில்லு சில்லாக உடைத்து எடுப்பதைவிட, உருட்டி ஓடு முழுவதையும் நொறுக்கிவிட்டு, அகன்ற முனையில் சவ்வைக் கிள்ளி, பழத்தோல் சுருள்போல ஒரே நாடாவாக இழுப்பது சுலபம்.